ரசீதில் எது டியூஷன் ஃபீஸ்?

பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வருமான வரியில் கழிவு கேட்பவரிடம் அலுவலகக் கணக்குப் பிரிவு முதலில் பார்ப்பது ரசீதின் மொத்தத் தொகையை அல்ல. அந்த ரசீதில் ‘டியூஷன் ஃபீஸ்’ என்ற வரி தனியாக இருக்கிறதா, அதற்கு நேரே ஒரு தொகை இருக்கிறதா என்பதைத்தான். மொத்தமாக ‘பள்ளிக் கட்டணம் – முதல் பருவம் – ரூ. 38,500’ என்று மட்டும் எழுதியிருந்தால், கட்டியது உண்மையாகவே இருந்தாலும் அதில் ஒரு ரூபாய்கூட ஏற்கப்படாமல் போகலாம். ஜனவரி மாதத்தில் பெற்றோர் பலர் பள்ளி அலுவலகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

வருமான வரிச் சட்டம், 1961-இன் 80சி பிரிவு இந்தக் கழிவைத் தருகிறது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரிச் சட்டம், 2025-இல் அதே சலுகை 123-ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. அலுவலகங்களில் இன்னும் ‘எயிட்டி சி’ என்றுதான் பேச்சு. இந்தியாவிலுள்ள பல்கலைக்கழகம், கல்லூரி, பள்ளி அல்லது வேறு கல்வி நிறுவனத்துக்கு, ஒருவர் தம் பிள்ளைகளில் இருவரின் முழுநேரப் படிப்புக்காகச் செலுத்தும் டியூஷன் ஃபீஸ் கழிவுக்கு உரியது. வளர்ச்சிக் கட்டணம், நன்கொடை, அவற்றையொத்த வேறு எந்தத் தொகையும் இதில் சேராது. வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம், வீட்டுக் கடனின் அசல் ஆகியவற்றோடு சேர்த்து ஆண்டுக்கு மொத்தம் 1,50,000 ரூபாய் என்பது உச்ச வரம்பு. பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டுமே இது கிடைக்கும். 2023-24 நிதியாண்டு முதல் புதிய முறைதான் இயல்பான முறை என்பதால், பழைய முறை வேண்டுமென்று ஊழியர் சொல்லாவிட்டால் ரசீதைக் கொண்டுபோய்க் கொடுத்தும் பயனில்லை.

‘டியூஷன்’ என்ற சொல்லே தமிழ்நாட்டில் ஒரு குழப்பத்தை உண்டாக்குகிறது. பேச்சு வழக்கில் டியூஷன் என்றால் பள்ளி விட்டபின் மாலையில் கணக்கு வாத்தியார் வீட்டுக்குப் போவது. சட்டம் சொல்லும் டியூஷன் ஃபீஸ் அதுவல்ல; பள்ளியே வகுப்பில் பாடம் நடத்துவதற்காக வாங்கும் கற்பிப்புக் கட்டணம். மாலை நேர டியூஷனும் நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையமும் முழுநேரப் படிப்பு அல்ல என்பதால் அவற்றின் ரசீதுக்கு இங்கே இடமில்லை. மாறாக, விளையாட்டுப் பள்ளி, பிரீ-கே.ஜி., எல்.கே.ஜி. போன்ற வகுப்புகள் முழுநேரக் கல்வியில் அடங்கும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் சம்பள வரிப் பிடித்தம் பற்றிய தன் சுற்றறிக்கைகளில் தெளிவுபடுத்தியிருக்கிறது. சின்னக் குழந்தைதானே என்று அந்த ரசீதை விட்டுவிட வேண்டியதில்லை.

படிவம் யாருடையது?

பள்ளி தரவேண்டிய ரசீதுக்கென்று வருமான வரிச் சட்டம் எந்த மாதிரிப் படிவத்தையும் வகுக்கவில்லை. ‘இந்த ஃபார்மேட்டில்தான் வேண்டும்’ என்று கேட்பது ஊழியரின் நிறுவனம். ஊழியர் கேட்கும் கழிவுகளுக்கு ஆதாரம் வாங்கிய பிறகே சம்பளத்தில் வரி கணக்கிட வேண்டும் என்று சட்டம் நிறுவனத்துக்குக் கடமை விதித்திருக்கிறது. 2016-இல் அதற்காக வந்தது ஊழியர் நிரப்பித் தரும் படிவம் 12பிபி. வரியைக் குறைவாகப் பிடித்தால் அந்தக் குறையும் வட்டியும் நிறுவனத்தின் தலையில் விழும். அதனால்தான் கணக்குப் பிரிவு சட்டம் கேட்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே கேட்கிறது. ஒரு நிறுவனம் பள்ளியின் பான் எண் வேண்டும் என்கிறது. இன்னொன்று, பணமாகக் கட்டிய 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் இல்லை என்று திருப்பி அனுப்புகிறது. மூன்றாவது, இணையத்தில் இறக்கிய ரசீதிலும் முத்திரை கேட்கிறது. டியூஷன் ஃபீஸ் கழிவுக்குப் பள்ளியின் பான் எண் கட்டாயம் என்று சட்டத்தில் இல்லை. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண் வேண்டும் என்ற வாடகைப் படி விதியை இங்கேயும் பொருத்திப் பார்க்கும் பழக்கம் அது. இருந்தாலும் லெட்டர்ஹெட்டில் பான் எண் அச்சாகியிருந்தால் ஒரு நடை மிச்சம்.

ஆகவே பள்ளிக்குப் போகும் முன் பெற்றோர் செய்ய வேண்டியது, தம் நிறுவனம் என்ன கேட்கிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது. நிறுவனம் தனியாக மாதிரி எதுவும் தரவில்லை என்றால் சில விவரங்கள் போதும்: பள்ளியின் பெயரும் முகவரியும், மாணவரின் பெயரும் வகுப்பும் சேர்க்கை எண்ணும், கட்டிய பெற்றோரின் பெயர், ரசீது எண், பணம் கட்டிய தேதி, தலைப்புவாரியாகப் பிரித்த தொகை, பள்ளியின் முத்திரையும் கையொப்பமும். இவற்றில் பள்ளிகள் பெரும்பாலும் விடுவது இரண்டு. ஒன்று, தலைப்புவாரிப் பிரிப்பு. மற்றொன்று, பெற்றோரின் பெயர். பள்ளிக் கணக்கு மாணவரின் பெயரில்தான் ஓடும் என்பதால் ரசீதிலும் மாணவரின் பெயர்தான் இருக்கும். கழிவோ பணம் கட்டிய பெற்றோருக்குத்தான். தந்தை, தாய் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஒரே ரசீதை இருவரும் காட்டிவிடக் கூடாது என்பதால் சில நிறுவனங்கள் இந்தப் பெயரை வற்புறுத்துகின்றன. அந்த வற்புறுத்தலில் நியாயம் உண்டு.

பிரித்துக் காட்டாத ரசீது

மேலே சொன்ன 38,500 ரூபாய் ரசீதையே எடுத்துக்கொள்ளலாம். அது ஏழாம் வகுப்பு மாணவருக்கு 2025 ஜூன் மாதத்தில் கட்டிய முதல் பருவக் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். பள்ளியின் கணக்கில் அது ஐந்து தலைப்புகளாகப் பிரிந்து கிடக்கிறது: டியூஷன் ஃபீஸ் 22,000, ஆய்வகம், நூலகம், கணினி ஆகியவற்றுக்கான சிறப்புக் கட்டணம் 3,500, தேர்வுக் கட்டணம் 1,000, பேருந்து 9,000, பாடநூலும் நோட்டும் 3,000. கட்டணக் கணக்குக்கு மென்பொருள் வைத்திருக்கும் பள்ளி என்றால் இந்தப் பிரிப்பு ஏற்கெனவே அதில் இருக்கும். ரசீதில் அச்சாகவில்லை, அவ்வளவுதான். ‘ஃபீ ஹெட் வாரியாக ஒரு பிரிண்ட் வேண்டும்’ என்று அலுவலகக் கணக்கரிடம் கேட்டால் பல இடங்களில் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும். ‘ஐ.டி. சர்டிஃபிகேட் வேண்டும்’ என்று கேட்டால் அவருக்கு எது என்று புரியாமல், மாணவர் இங்கே படிக்கிறார் என்ற போனஃபைட் சான்றிதழை எடுத்துக் கொடுத்துவிடுவார். மத்திய அரசு ஊழியர் பலர் பிள்ளைகளின் கல்விப் படி பெறுவதற்குத் தலைமையாசிரியரிடம் அப்படியொரு சான்று வாங்குவது வழக்கம். அதில் தொகை இருக்க வேண்டியதில்லை. வரிக் கழிவுக்குத் தொகைதான் உயிர். கேட்கும் சொல் தெளிவாக இருப்பது இதனால் முக்கியம்.

இந்த ஐந்து தலைப்புகளில் 22,000 ரூபாய் பற்றி விவாதமே இல்லை. பேருந்தும் புத்தகமும் கற்பிப்புக் கட்டணம் அல்ல. சீருடை, விடுதி, உணவு, தாமதக் கட்டணம், திருப்பித் தரப்படும் காப்புத் தொகை ஆகியவையும் அப்படியே. இடையில் கிடப்பவை சிறப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும். வாரியத்தின் சுற்றறிக்கை, வளர்ச்சிக் கட்டணம், நன்கொடை, தலைவரிக் கட்டணம் போன்றவை தவிர கல்வி நிறுவனத்துக்குச் செலுத்தும் எந்தக் கட்டணமும் டியூஷன் ஃபீஸில் அடங்கும் என்ற தோரணையில் சொல்கிறது. அதை வைத்து ஆய்வகக் கட்டணமும் சேரும் என்று வாதாட இடம் உண்டு. ஆனால் சம்பளக் கணக்குப் பிரிவில் இந்த வாதம் எடுபடுவது அரிது. அங்கே ‘டியூஷன்’ என்ற சொல் இருக்கும் வரியை மட்டும் பார்த்து எண்ணை எடுத்துக்கொள்வார்கள். சில நூறு ரூபாய் வரிக்காக அந்த வாதத்தைச் சுமந்து திரிவதைவிட அந்த வரியோடு நின்றுவிடுவதே நல்லது.

நன்கொடை ரசீது வேறு கதை. சேர்க்கையின்போது அறக்கட்டளையின் பெயரில் ‘கட்டட நிதி’ என்று ஒரு தொகை வாங்கிக்கொண்டு, ‘இதற்கு 80ஜி-யில் கழிவு உண்டு’ என்று சொல்லி அனுப்பும் நிறுவனங்கள் உண்டு. இடம் கிடைப்பதற்காகக் கொடுத்த பணம் உண்மையில் நன்கொடையே அல்ல. அது டியூஷன் ஃபீஸும் அல்ல. இரண்டு பிரிவுகளிலும் அதற்கு வலுவான இடம் கிடையாது.

தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகளில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. தமிழ்நாடு பள்ளிகள் (கட்டண வசூல் ஒழுங்குமுறை) சட்டம், 2009-இன்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்புவாரியாகக் கட்டணம் நிர்ணயிக்கிறது. நிர்ணயித்ததற்கு மேல் வாங்கும் பள்ளி, நிர்ணயித்த தொகைக்கு மட்டும் அச்சிட்ட ரசீது கொடுத்துவிட்டு மீதிக்குத் துண்டுச் சீட்டு தரும். சில வேளைகளில் அதுவும் இல்லை. அப்படிப்பட்ட பள்ளியிடம் ‘கட்டிய முழுத் தொகைக்கும் பிரித்து எழுதித் தாருங்கள்’ என்று கேட்டால் தயக்கம் வருவது இயல்பே. பள்ளி அலுவலகம் காரணம் சொல்லாமல் நாள் கடத்தினால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அச்சிட்ட ரசீதில் உள்ள தொகைக்குச் சான்று வாங்குவது எளிது. துண்டுச் சீட்டுத் தொகையைக் கழிவில் காட்ட வழியில்லை.

எவ்வளவு ரசீது தேவை?

எல்லா ரசீதையும் திரட்டிவிட வேண்டும் என்ற பதற்றம் பெரும்பாலும் வீண். முதலில் 1,50,000 ரூபாய் வரம்பில் எவ்வளவு காலியாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சென்னையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, சொந்த ஊரில் கட்டிய வீட்டுக்குக் கடனும் செலுத்தும் ஒரு தந்தையை எடுத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டில் அவருடைய சம்பளம் 20,00,000 ரூபாய். வருங்கால வைப்பு நிதியில் அவர் பங்கு ஆண்டுக்கு 21,600, வீட்டுக் கடனின் அசலில் கட்டியது 74,400. ஆக 96,000 ரூபாய் ஏற்கெனவே 80சி-யில் நிரம்பிவிட்டது. காலி இடம் 54,000 மட்டுமே. மூத்த மகனுக்கு இரண்டு பருவ டியூஷன் ஃபீஸ் 44,000, யு.கே.ஜி. படிக்கும் மகளுக்கு முதல் பருவத்தில் 14,000. இந்த மூன்று ரசீதிலேயே 58,000 ஆகிவிட்டது. மூன்றாம் பருவ ரசீதுக்காக அவர் காத்திருக்க வேண்டியதே இல்லை.

அந்த 54,000 ரூபாயின் மதிப்பு என்ன? நிலைக் கழிவு, வீட்டு வாடகைப் படி, வீட்டுக் கடன் வட்டி, மருத்துவக் காப்பீடு என்று 80சி-க்கு வெளியே அவருக்கு 6,30,000 ரூபாய் கழிவு இருக்கிறது என்று கொள்வோம். 80சி முழுவதும் கிடைத்தால் வரிக்குரிய வருமானம் 12,20,000. பழைய முறையில் வரி, 4 விழுக்காடு செஸ்ஸுடன் சேர்த்து 1,85,640 ரூபாய். அதே சம்பளத்துக்குப் புதிய முறையில் 75,000 ரூபாய் நிலைக் கழிவு போக வரி 1,92,400. அதாவது பழைய முறை 6,760 ரூபாய் லாபம். டியூஷன் ஃபீஸ் ரசீது ஏற்கப்படாவிட்டால் பழைய முறை வரி 2,02,488 ஆகிவிடும். அப்போது புதிய முறைதான் 10,088 ரூபாய் லாபம். இவர் எந்த வரி முறையில் இருக்க வேண்டும் என்பதையே பள்ளியின் ஒரு தாள் தீர்மானிக்கிறது. மறுபுறம், 2025-26-இல் புதிய முறையில் சம்பளக்காரருக்கு 12,75,000 ரூபாய்ச் சம்பளம் வரை வரியே இல்லை என்பதால், அதற்குள் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் இந்த ரசீதுக்காகப் பள்ளிக்கு நடப்பதில் பெரும்பாலும் அர்த்தமில்லை. பழக்கத்தால் ஆண்டுதோறும் நடப்பவர்கள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

எந்த ஆண்டின் பணம்?

பள்ளிக்கு ஆண்டு ஜூனில் பிறக்கிறது. வருமான வரிக்கு ஏப்ரலில். கழிவு, எந்த நிதியாண்டில் பணம் கட்டப்பட்டதோ அந்த ஆண்டுக்கு உரியது. எந்த வகுப்புக்காகக் கட்டப்பட்டது என்பது பொருட்டல்ல. அடுத்த கல்வியாண்டின் முதல் பருவத்தை 2026 மார்ச் 25-ஆம் தேதியே கட்டிவிட்டால் அது 2025-26 நிதியாண்டின் கணக்கில் சேரும். ஏப்ரல் 2-ஆம் தேதி கட்டினால் 2026-27-இல். மேலே பார்த்த தந்தைக்கு வரம்பு நிரம்பிவிட்டதால், மார்ச்சில் முன்கூட்டிக் கட்டுவதால் அவருக்கு வரியில் ஒன்றும் மிஞ்சாது. பள்ளி ஒப்புக்கொண்டால் ஏப்ரலில் கட்டுவது அடுத்த ஆண்டுக்கு உதவும்.

பள்ளிகள் தரும் சான்றில் அடிக்கடி நேரும் பிழை இங்கேதான். ‘2025-26-க்கான டியூஷன் ஃபீஸ் ரூ. 66,000’ என்று எழுதியிருக்கும். பள்ளியைப் பொறுத்தவரை அது கல்வியாண்டு. அந்தத் தொகையில் ஒரு பருவம் 2025 மார்ச்சிலேயே கட்டப்பட்டிருந்தால், நிதியாண்டுக் கணக்கு 44,000 ஆகிவிடும். ‘1.4.2025 முதல் 31.3.2026 வரை செலுத்தப்பட்ட’ என்று தேதியோடு எழுதச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ரசீதின் தேதியும் அதில் இருந்துவிட்டால் இந்தக் குழப்பம் எழாது.

நிறுவனங்கள் பெரும்பாலும் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் ஆதாரங்களைக் கேட்டு முடித்துவிடும். மூன்றாம் பருவம் அதற்குப் பிறகு வந்தால், அதுவரை கட்டியதற்கு மட்டும் சான்று கொடுக்கலாம். ‘கட்டப்போகிறேன்’ என்ற உறுதிமொழியைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை. விடுபட்டதை வருமான வரி விவரம் தாக்கல் செய்யும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

கேட்கும் விதம்

வாய்ச்சொல்லில் கேட்பதைவிட ஒரு பக்கக் கடிதம் காரியத்தை விரைவில் முடிக்கும். கணக்கருக்கு எதைத் தேட வேண்டும் என்று தெரியும். கையொப்பமிடும் முதல்வருக்கோ தாளாளருக்கோ எதற்காகக் கேட்கிறார்கள் என்று புரியும். கடிதத்தின் உடல் இப்படி இருந்தால் போதும்:

‘மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவில் படிக்கும் என் மகனுக்கு (சேர்க்கை எண் ……) இந்த நிதியாண்டில் 1.4.2025 முதல் இன்றுவரை நான் கட்டணம் செலுத்தியுள்ளேன். ரசீதுகளின் நகல்களை இணைத்துள்ளேன். அவற்றில் மொத்தத் தொகை மட்டும் உள்ளது. வருமான வரிக் கழிவுக்காக, ஒவ்வொரு ரசீதிலும் டியூஷன் ஃபீஸ் எவ்வளவு, மற்ற கட்டணங்கள் எவ்வளவு என்று பிரித்து, ரசீது எண், தேதி, பணம் செலுத்திய என் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிட்டுப் பள்ளியின் லெட்டர்ஹெட்டில் சான்று வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் அலுவலகத்தில் ஜனவரி 20-க்குள் ஒப்படைக்க வேண்டியுள்ளது.’

இதோடு சான்றின் மாதிரி ஒன்றையும் தட்டச்சு செய்து, தொகைக்கான இடங்களை வெறுமையாக விட்டுக் கொடுத்தால் பள்ளிக்கு வேலை பாதியாகிவிடும். தொகையைப் பெற்றோரே நிரப்பிக் கொடுத்துக் கையொப்பம் மட்டும் கேட்பது சரியல்ல. எண் பள்ளியின் பதிவேட்டிலிருந்து வர வேண்டும். பேருந்துக் கட்டணத்தையும் சேர்த்து டியூஷன் என்று எழுதித் தரும்படி கேட்பது அதைவிடத் தவறு. இல்லாத கழிவைக் காட்டி வருமானத்தைக் குறைத்தது பிடிபட்டால், தவறான தகவல் தந்ததாகக் கருதி, அதற்குரிய வரியைப் போல இரு மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

சான்று கைக்கு வந்ததும் கவுன்டரை விட்டு நகரும் முன்பே சரிபார்க்க வேண்டும். பிரித்த தொகைகளைக் கூட்டினால் ரசீதின் மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா, அந்த மொத்தம் வங்கிக் கணக்கில் கழிந்த தொகையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. செயலி வழியாகக் கட்டும்போது பரிவர்த்தனைக் கட்டணம் சேர்ந்து வங்கியில் சில ரூபாய் கூடுதலாகக் கழிந்திருக்கலாம். அது பள்ளிக்குப் போன பணமல்ல. ‘பணம் செலுத்தப்பட்டது’ என்று கைப்பேசியில் வரும் பச்சைத் திரையும் ரசீது அல்ல. அது பணம் போனதற்குச் சாட்சி. எதற்காகப் போனது என்று அது சொல்லாது. தாயும் தந்தையும் இருவருமே பழைய முறையில் கழிவு கேட்பதாக இருந்தால், ஆளுக்கொரு பிள்ளையின் கட்டணத்தையோ வேறு வேறு பருவத்தையோ தத்தம் கணக்கிலிருந்து கட்டி, அவரவர் பெயரில் சான்று வாங்கிக்கொள்ளலாம். வரம்பும் இரண்டு பிள்ளைகள் என்ற எண்ணிக்கையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் இது கைகொடுக்கும். தம்பி, தங்கை, மனைவி ஆகியோரின் படிப்புக்குக் கட்டியதற்கும், தம் சொந்தப் படிப்புக்குக் கட்டியதற்கும் இந்தக் கழிவு கிடையாது.

பள்ளி தராவிட்டால்

ரசீதைத் தொலைத்துவிட்டவருக்கு மறுபிரதி தரப் பள்ளி தயங்கினாலும், பதிவேட்டைப் பார்த்து எழுதும் சான்றைத் தருவதில் அதற்குச் சிக்கல் குறைவு. அதுவும் கிடைக்கவில்லை என்றால் கடிதத்தைத் தாளாளருக்குப் பதிவு அஞ்சலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பி, கேட்டதற்குத் தடயம் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளி ஆண்டுத் தொடக்கத்தில் கொடுத்த கட்டண அட்டவணையில் டியூஷன் ஃபீஸ் தனியாகக் குறிக்கப்பட்டிருந்தால், அந்த அட்டவணை, மொத்தத் தொகை ரசீது, வங்கிக் கணக்குப் பதிவு மூன்றும் சேர்ந்து தொகையை நிறுவப் போதுமான அளவு வலுவுள்ளவை. பள்ளிக் கட்டணக் குழுவின் ஆணையும் இதே வகையில் உதவும்.

நிறுவனம் இதை ஏற்காமல் போகலாம். அப்போது பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் வரி கூடுதலாகப் பிடிபடும். அதோடு உரிமை போய்விடுவதில்லை. படிவம் 16-இல் இல்லாத கழிவையும் விவரம் தாக்கல் செய்யும்போது நேரடியாகக் கேட்கலாம். சென்னைத் தந்தையின் கணக்கில் 54,000 ரூபாய் மறுக்கப்பட்டதால் கூடுதலாகப் பிடித்த 16,848 ரூபாய், அவர் பழைய முறையைத் தேர்ந்து உரிய கடைசித் தேதிக்குள் விவரம் தாக்கல் செய்தால் ரீஃபண்டாகத் திரும்பும். தாக்கலோடு எந்தத் தாளையும் இணைக்க வேண்டியதில்லை. ஆனால் 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து 80சி-யில் ஒவ்வொரு தொகைக்கும் எதிரே பாலிசி எண்ணையோ ஆவண அடையாள எண்ணையோ இணையப் படிவம் கேட்கிறது. பள்ளிக் கட்டணத்துக்கு அந்த இடத்தில் போடுவது ரசீது எண். எண்ணில்லாத ரசீதுகளை வைத்திருப்பவருக்கு அப்போதுதான் அதன் குறை தெரியவரும்.

வருமான வரித் துறை பின்னர் விளக்கம் கேட்டால் காட்ட வேண்டியதும் இதே தாள்கள்தான். பழைய கணக்கை மறுபடி திறக்கும் நோட்டீஸை, சாதாரணமாக, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து மூன்று ஆண்டு மூன்று மாதம் வரை அனுப்ப முடியும். 2025-26 நிதியாண்டின் மதிப்பீட்டு ஆண்டு 2027 மார்ச் 31-இல் முடிகிறது. எனவே அந்த ஆண்டின் ரசீதுகளும் பள்ளிச் சான்றும் 2030 ஜூன் மாதம் முடியும்வரை வீட்டில் பத்திரமாக இருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீது ஓரிரு ஆண்டில் வெளுத்துவிடும் என்பதால் அதற்கு அன்றே ஒரு நகல் எடுத்துவைப்பது அவசியம்.